ஃபைப்ரினோஜன் 90: நொடிகளில் அளக்கப்படும் ஒரு எண்ணைப் படிப்பது எப்படி

இரவு ஒன்றரை மணி. பிரசவ வார்டிலிருந்து நீல மூடி டியூப் ஒன்று லேபுக்கு வருகிறது. 34 வாரக் கர்ப்பிணி, எடை 60 கிலோ. வயிறு கல் போல இறுகி, வலியோடும் ரத்தப்போக்கோடும் வந்து சேர்ந்தவர். குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிட்டது. குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பிரசவம் முடிந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அதுவரை சுமார் ஒன்றரை லிட்டர் போயிருக்கும் என்கிறார்கள்.

அரை மணி நேரம் கழித்து ரிசல்ட் போகிறது. பிளாஸ்மா உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி. 16 நொடி, கன்ட்ரோல் 13. அதே வகைச் சோதனையான ஏ.பி.டி.டி. கொஞ்சம் நீண்டிருக்கிறது. பிளேட்லெட் 95,000. ஃபைப்ரினோஜன் 90. உடனே ஹவுஸ் சர்ஜன் போனில் கேட்கிறார்: "சார், பி.டி. அவ்வளவு மோசமில்லையே, ரெண்டு எஃப்.எஃப்.பி. போட்டா போதாதா?" எஃப்.எஃப்.பி. என்பது தானம் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த பிளாஸ்மா.

இந்தப் பெண் உண்மையில் இருக்கும் ஒருவர் அல்ல. பல கேஸ்களைச் சேர்த்து, விளக்குவதற்காக நான் உருவாக்கியவர். ஆனால் அந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த 90 எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். (இங்கே வரும் ஃபைப்ரினோஜன் எண்கள் எல்லாமே 100 மி.லி. பிளாஸ்மாவில் எத்தனை மி.கி. என்பதுதான். சில மருத்துவமனைகளில் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று தருவார்கள். அங்கே 90 என்பது 0.9 என்று வரும்.)

ஆள் நிறைய, நூல் குறைவு

ஃபைப்ரினோஜன் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம். ரத்தத்தில் கரைந்தே சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது காயம் பட்டால் த்ராம்பின் என்ற என்சைம் உருவாகி, ஃபைப்ரினோஜனிலிருந்து சில சிறு துண்டுகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஃபைப்ரின் இழைகளாகும். அந்த இழைகள் பின்னும் வலைதான் ரத்தக்கட்டி.

இந்த நூல் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பது? 1957-இல் கிளவுஸ் என்பவர் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே 'விரைவு முறை' என்று போட்டிருந்தார். இன்றும் உலகம் முழுக்க லேப்கள் செய்வது அதைத்தான், இயந்திரம் மட்டும் மாறியிருக்கிறது.

அவருடைய யோசனை இது. வலை பின்ன ஆட்களும் வேண்டும், நூலும் வேண்டும். சாதாரணமாக இரண்டில் எது குறைந்தாலும் வேலை தாமதமாகும், அதனால் நேரத்தை மட்டும் பார்த்து எது குறைவு என்று சொல்ல முடியாது. பி.டி.யிலும் ஏ.பி.டி.டி.யிலும் இருக்கும் சிக்கல் அதுதான். அவற்றில் பல உறைதல் காரணிகளின் வேலையும் கலந்து ஒரே நேரமாக வெளிவருகிறது. கிளவுஸ் என்ன செய்தார் என்றால், ஆட்களை அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டார். அதாவது தேவைக்கு மிக அதிகமான த்ராம்பினை வெளியிலிருந்து சேர்த்தார். கூடவே பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து நூலைக் குறைத்தார். இப்போது ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வலை முடிய எவ்வளவு நேரமாகும் என்பது நூலை மட்டுமே பொறுத்தது. நூல் அதிகமென்றால் சீக்கிரம், குறைவென்றால் தாமதம்.

நீர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நோயாளியின் ரத்தத்தில் ஹெப்பாரின் இருக்கலாம், உடைந்த ஃபைப்ரின் துணுக்குகள் இருக்கலாம். இரண்டுமே உறைதலைக் கெடுப்பவை. பத்து மடங்கு நீர்க்கும்போது அவையும் நீர்த்துவிடுகின்றன. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தேவைப்படும்.

மேசையில் நடப்பது

டியூபில் 3.2 சதவீத சிட்ரேட் இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. அதை 1500 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றினால் மேலே பிளாஸ்மா தெளியும். ஒரு பங்கு பிளாஸ்மாவோடு ஒன்பது பங்கு பஃபர் சேர்க்கிறோம். அதில் 200 மைக்ரோலிட்டர் எடுத்து 37 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் வைக்கிறோம். பிறகு 100 மைக்ரோலிட்டர் த்ராம்பினை விட்ட அந்தக் கணத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கட்டி உருவானதை இயந்திரம் இரண்டில் ஒரு வழியில் கண்டுபிடிக்கும். சிலவற்றில் திரவம் கலங்குவதை ஒளி காட்டிக்கொடுக்கும். சிலவற்றில் உள்ளே அசையும் ஒரு சிறு இரும்புக் குண்டு வலையில் சிக்கித் தயங்கும். மஞ்சள் காமாலை பிளாஸ்மா, கொழுப்பு மிதக்கும் பால் போன்ற பிளாஸ்மா ஆகியவற்றில் ஒளி முறை தடுமாறக்கூடும், குண்டு முறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, நொடி கிடைத்துவிட்டது. நொடி எப்படி மி.கி. ஆகிறது? இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். அளவு தெரிந்த ஒரு பிளாஸ்மாவை, 300 என்று சான்றளிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம், வெவ்வேறு மடங்கு நீர்த்து ஓட்டுகிறோம். 1:10 நீர்ப்புதான் நம் வழக்கமான நீர்ப்பு, ஆகவே அது 300-க்குச் சமம். 1:5 நீர்த்தால் நூல் இருமடங்கு, அது 600 போல நடந்துகொள்ளும். 1:20 நீர்த்தால் 150 போல, 1:40 நீர்த்தால் 75 போல. நேரங்கள் முறையே 6, 11, 21, 40 நொடி வந்ததாக வைத்துக்கொள்வோம். (இவை உதாரண எண்கள். ரீஏஜென்ட்டும் இயந்திரமும் மாறினால் இவையும் மாறும். ஆகவே அவரவர் லேபில், ஒவ்வொரு புதிய ரீஏஜென்ட் லாட்டுக்கும் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.) இரண்டு அச்சிலும் லாகரிதம் போட்டு வரைந்தால் புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்க்கோடாக அமையும். நோயாளியின் நேரத்தை அந்தக் கோட்டில் வைத்துப் படித்தால் அளவு கிடைத்துவிடும்.

நம் நோயாளியின் 1:10 பிளாஸ்மா 34 நொடியில் உறைந்தது. கோட்டில் பார்த்தால் 89, ஏறக்குறைய 90. ஆனால் இயந்திரம் சொன்னதை உடனே எழுதி அனுப்பக் கூடாது. 30 நொடிக்கு மேல் போனால் கட்டி மெலிதாக இருக்கும், இயந்திரம் அதைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். கோட்டின் நேர்ப்பகுதியும் அங்கே முடிகிறது. ஆகவே குறைந்த மதிப்பு வந்தால் நீர்ப்பைக் குறைத்து, 1:5-இல் மறுபடியும் ஓட்டுகிறோம். இப்போது நூல் இருமடங்கு. நேரம் 18 நொடி. அந்த 18 நொடியைக் கோட்டில் படித்தால் 178. நாம் இருமடங்கு பிளாஸ்மா போட்டிருக்கிறோம், ஆகவே பாதி: 89. இரண்டு வழியிலும் ஒரே விடை.

இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்த சோதனை. காரணம் முன்பு சொன்னதுதான். உறைதலைக் கெடுக்கும் ஏதாவது ஒன்று பிளாஸ்மாவில் இருந்திருந்தால், 1:5-இல் அதுவும் இருமடங்கு செறிவாகியிருக்கும். நேரம் 18-க்குப் பதில் 25 என்று இழுத்திருக்கும், கணக்கு 60 பக்கம் விழுந்திருக்கும். இரண்டு விடையும் பொருந்தவில்லை என்றால், குறைந்திருப்பது நூலா அல்லது யாரோ பின்னுபவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும். ஹெப்பாரினை முறியடிக்கும் பொருள் ஒன்று பெரும்பாலான ரீஏஜென்ட்களிலேயே கலந்திருக்கிறது, வழக்கமான அளவு ஹெப்பாரினால் பிரச்சினை இல்லை. ஆனால் டாபிகாட்ரான் போன்று த்ராம்பினையே நேரடியாக அடக்கும் மருந்துகள் வேறு கதை. ஃபைப்ரினோஜன் நன்றாகவே இருக்கும் நோயாளிக்கும் அவை பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டிவிடலாம்.

டியூப் சொல்லும் பொய்

மேசை வேலை சரியாக இருந்தும் எண் தவறாக வருவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்தம் எடுத்த விதம். ஒருமுறை என் கைக்கு வந்த மாதிரியில் ஃபைப்ரினோஜன் 62 வந்தது. வார்டில் பரபரப்பு. ஃபைப்ரினோஜன் செறிவாக இருக்கும் க்ரையோ பைகளுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. நான் தற்செயலாக அதே நேரத்தில் எடுத்த ஹீமோகுளோபினைப் பார்த்தேன்: 3.1. ஒரு மணி நேரத்துக்கு முன் 10.2. அவ்வளவு ரத்தம் போனவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். போய்ப் பார்த்தால், சலைன் ஓடிக்கொண்டிருந்த அதே கையில், ஊசிக்கு மேல் பக்கமாக எடுத்திருக்கிறார்கள். மறு கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் 210. முதல் மாதிரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சலைன்தான். எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் விழுந்திருந்தால் டிரிப்பைச் சந்தேகிக்கலாம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

டியூபுக்குள்ளேயே சின்னதாக ஒரு கட்டி விழுந்திருப்பது இன்னொரு பொய். கஷ்டப்பட்டு, மெதுவாக ரத்தம் எடுக்கும்போதும், எடுத்த பிறகு டியூபைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்காமல் விடும்போதும் இது நடக்கும். அந்தக் கட்டியே ஃபைப்ரினோஜனைத் தின்றிருக்கும், மிச்சத்தை நாம் அளந்துகொண்டிருப்போம். குறைந்த எண் வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு மரக்குச்சிகளை டியூபுக்குள் விட்டுத் துழாவிப் பார்ப்பது என் பழக்கம். ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மாதிரி குப்பைக்குத்தான். டியூப் பாதிதான் நிரம்பியிருந்தால்? பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் அதில் நம்பமுடியாத அளவுக்கு நீளும், சிட்ரேட் அதிகமாகிவிடுவதால். ஃபைப்ரினோஜனில் பாதிப்பு அதைவிடக் குறைவு. த்ராம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டக் கால்சியம் தேவையில்லை, ஆகவே இங்கே நடப்பது வெறும் நீர்ப்பு மட்டுமே. பாதி நிரம்பிய டியூபில் கணக்குப் போட்டுப் பார்த்தால் எண் 13 சதவீதம் அளவுக்குக் குறையும். தவறுதான். ஆனால் 210-ஐ 90 ஆக்கும் தவறு இல்லை.

நம் நோயாளியின் டியூப் முழுதாக நிரம்பியிருந்தது. கட்டி இல்லை, டிரிப் இல்லாத கை. ஆக 90 என்பது உண்மையான 90.

90 என்றால் எவ்வளவு குறைவு?

ரிப்போர்ட்டில் அச்சாகும் இயல்பு அளவு 200 முதல் 400. அதை வைத்துப் பார்த்தால் 90 என்பது கீழ் எல்லையின் பாதி. ஆனால் அந்த இயல்பு அளவு கர்ப்பிணிகளுக்கானது இல்லை. கர்ப்பம் வளர வளர ஃபைப்ரினோஜனும் ஏறும், கடைசி மூன்று மாதத்தில் 400 முதல் 600 வரை இருக்கும். பிரசவத்தின் ரத்தப்போக்கைச் சமாளிக்க உடம்பு செய்துகொள்ளும் முன்னேற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக இந்தப் பெண் நேற்று 450 வைத்திருந்து இன்று 90-க்கு வந்திருக்கக்கூடும். ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. இன்னொரு பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்போது 210 என்று வந்தால், ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறிகூட விழாது. லேபுக்கு அது நார்மல், ஆனால் அவர் பாதியை இழந்திருக்கிறார்.

பிரான்சில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வந்த 128 பெண்களிடம், ஆரம்பத்திலேயே ஃபைப்ரினோஜனை அளந்தார்கள். 200-க்குக் கீழ் இருந்த அத்தனை பேருக்கும் ரத்தப்போக்கு கடுமையாக மாறியது. பிற சோதனைகளோடு ஒப்பிட்டபோது, யாருக்கு நிலைமை மோசமாகும் என்று நன்றாகச் சொன்னது ஃபைப்ரினோஜன்தான். பிரசவ ரத்தப்போக்கில் 200-ஐக் கோடாக வைக்கும் வழக்கத்துக்கு இதுபோன்ற ஆய்வுகள்தான் பின்னணி. விபத்திலோ அறுவைசிகிச்சையிலோ அதிகம் ரத்தம் இழப்பவருக்கு 150-ஐக் கோடாக வைக்கிறார்கள்.

அப்படியென்றால் பி.டி. ஏன் மோசமாகவில்லை? பி.டி. கடிகாரம் முதல் இழைகள் தோன்றியதும் நின்றுவிடும். வலை எவ்வளவு கெட்டியாகிறது என்று பார்க்க அது காத்திருப்பதில்லை. முதல் இழைகளுக்குக் கொஞ்சம் ஃபைப்ரினோஜனே போதும். ஆகவே ஃபைப்ரினோஜன் 100 பக்கம் விழும்வரை பி.டி. பெரிதாக அசையாது. மற்ற காரணிகளுக்கும் கையிருப்பு நிறைய உண்டு, பாதிக்கு மேல் இழந்த பிறகுதான் அவற்றின் குறை வெளியே தெரியும். ரத்தம் போய், அதை சலைனாலும் சிவப்பணுக்களாலும் ஈடுகட்டும்போது ஆபத்தான அளவை முதலில் எட்டுவது ஃபைப்ரினோஜன்தான், பிளேட்லெட் அதற்குப் பிறகு வருகிறது. ஹவுஸ் சர்ஜன் பி.டி.யைப் பார்த்து நிம்மதியானதில் அவர் தவறு ஒன்றுமில்லை. நாமெல்லாம் பி.டி. பார்த்தே பழகியவர்கள்.

இன்னொரு பொறி: சில இயந்திரங்கள் பி.டி. ஓடும்போது எவ்வளவு கலங்கியது என்பதை வைத்தே ஒரு ஃபைப்ரினோஜன் எண்ணை இலவசமாகத் தரும். 'டெரைவ்டு' என்று பெயர். நல்ல உடம்புள்ளவரிடம் பரவாயில்லை. ரத்தம் போய்க்கொண்டிருப்பவரிடம், அளவு குறைவாக இருக்கும்போது, அது உண்மையைவிட அதிகமாகக் காட்டுவது வழக்கம். ரிப்போர்ட்டில் எந்த முறை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கே போனது?

அதே 90 வேறொரு நோயாளியிடம் வேறு பொருள் தரும். நம் நோயாளியிடம் இரண்டு வழியில் கரைந்திருக்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்திலிருந்து திசுக் காரணி தாயின் ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க த்ராம்பினைக் கிளப்பிவிட்டிருக்கிறது, அது ஃபைப்ரினோஜனைச் செலவழித்துவிட்டது. நஞ்சுக்கொடிக்குப் பின்னால் தேங்கிய பெரிய கட்டியும் ஒரு பங்கை விழுங்கியிருக்கிறது. இதற்குமேல் ரத்தம் வெளியே போனதும், சலைன் உள்ளே போனதும். இந்த வகையில் ஒன்றரை லிட்டர் இழப்பிலேயே 90-க்கு வருவது சாத்தியம். கருப்பை சுருங்காததால் மட்டும் ரத்தம் போகும் பெண்ணிடம் அதே ஒன்றரை லிட்டரில் ஃபைப்ரினோஜன் அநேகமாக 200-க்கு மேலேயே இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்த ரத்தத்துக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்றால், உள்ளே ஏதோ செலவழிகிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் இன்னொரு பெரிய காரணம் உண்டு: கண்ணாடி விரியன். அதன் விஷத்தில் இருக்கும் என்சைம்கள் பத்தாம், ஐந்தாம் காரணிகளைத் தூண்டிவிட்டு, சில மணி நேரத்தில் ஃபைப்ரினோஜனைத் துடைத்தெடுத்துவிடும். இயந்திரம் எவ்வளவு காத்திருந்தாலும் உறையாது, எண்ணே வராது. அங்கே முதலில் க்ரையோ கேட்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. விஷம் சுற்றிக்கொண்டிருக்கும்வரை ஏற்றியதெல்லாம் கரைந்துவிடும். விஷமுறிவு மருந்துதான் முதலில். அதன்பின் கல்லீரல் புதிதாகத் தயாரித்து ரத்தம் உறையத் தொடங்க ஆறு மணி நேரம்போல ஆகும். நஞ்சுக்கொடி பிரிந்த பெண்ணுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. காரணமான நஞ்சுக்கொடியும் குழந்தையும் வெளியே வந்தாகிவிட்டது, செலவு அடங்கத் தொடங்கும். ஆனால் கருப்பையில் இப்போது ரத்தம் போகிறது, நூல் இப்போதே வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

எஃப்.எஃப்.பி. போதாதா என்ற கேள்விக்கு வருவோம். கணக்கு எளிதுதான். இவருடைய பிளாஸ்மா அளவு சுமார் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90-லிருந்து 200-க்குப் போக 110 ஏற வேண்டும், அதாவது லிட்டருக்கு 1.1 கிராம். மூன்றரை லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் ஃபைப்ரினோஜன்.

ஒரு லிட்டர் எஃப்.எஃப்.பி.யில் 2 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அப்படியானால் இரண்டு லிட்டர் ஏற்றினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு லிட்டரும் உடம்புக்குள்தான் இருக்கப்போகிறது. மூன்றரை லிட்டர் ஐந்தரை ஆகிவிடும். உள்ளே ஏற்கெனவே இருந்தது 3.15 கிராம், சேர்த்தது 4.4, மொத்தம் 7.55. ஐந்தரையால் வகுத்தால் 137தான் வருகிறது. இரண்டு லிட்டர் என்பது எட்டு ஒன்பது பைகள், நுரையீரலில் நீர் கோக்கும் அபாயத்தோடு. ஹவுஸ் சர்ஜன் சொன்ன இரண்டு பைகள் இந்த எண்ணைப் பெரிதாக அசைக்காது. எஃப்.எஃப்.பி.யில் இருக்கும் அளவே ஏறக்குறைய 220 என்றால், அதை ஏற்றி ஒருவரை 200-க்குக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்பது யோசித்தாலே தெரியும்.

க்ரையோ என்பது எஃப்.எஃப்.பி.யைக் குளிரில் மெதுவாக உருக்கும்போது அடியில் படியும் பொருள். ஒரு பை 15 முதல் 20 மி.லி.தான், அதற்குள் 150 முதல் 250 மி.கி. ஃபைப்ரினோஜன். சராசரி 200 என்று வைத்தால் 4 கிராமுக்கு 20 பை. மொத்தம் 300 மி.லி.க்குச் சற்று மேல். அதே கணக்கு: 7.15 கிராம், 3.8 லிட்டர், 188. ஃபைப்ரினோஜன் பவுடர் கிடைக்கும் இடங்களில் அதே 4 கிராமை 200 மி.லி.யில் கரைத்து, உருக்கக் காத்திருக்காமல் கொடுத்துவிடலாம். விலைதான் பல இடங்களில் தடை. 20 பை என்றதும் பிளட் பேங்கில் முகம் மாறும். பத்துப் பையோடு நிறுத்திக்கொள்வதும், அது பாதி வழிதான் போகும் என்று தெரியாமலே 'க்ரையோ கொடுத்தாச்சு' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதும் நான் அடிக்கடி பார்ப்பவை.

அதற்காக ரத்தம் போகும் எல்லோருக்கும் எண் பார்க்காமல் கொடுத்துவிடலாமா என்றால், அதற்கும் ஆதாரம் இல்லை. டென்மார்க்கில் 249 பெண்களிடம், பிரசவ ரத்தப்போக்கு தொடங்கியதுமே 2 கிராம் ஃபைப்ரினோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. அவர்களுடைய சராசரி அளவு ஆரம்பத்திலேயே 400-க்கு மேல் இருந்தது, நூல் குறையாதவருக்கு நூல் கொடுத்திருக்கிறார்கள். ட்ரானெக்சாமிக் ஆசிட் விஷயம் வேறு. அது புதிதாக நூல் கொடுப்பதில்லை, பின்னிய வலை கரைவதைத் தடுக்கிறது. பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் 1 கிராம் கொடுக்க இந்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பு என்றதும் இந்தச் சோதனையின் பெரிய குறை நினைவுக்கு வருகிறது. சுழற்ற 15 நிமிடம், ஓட்ட, சரிபார்க்க, டியூப் லேபுக்கு வந்துசேர என்று மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ரிசல்ட் கைக்கு வரும்போது அது முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய பெண்ணின் ரிசல்ட். நடுவில் இன்னொரு லிட்டர் போயிருக்கலாம். அதனால் டியூபை அனுப்பும்போதே, படுக்கையருகில் ஒரு சுத்தமான சாதாரணக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிடித்துப் பாருங்கள். ஏழு நிமிடத்துக்குப் பிறகும் உறையவில்லை என்றாலோ, சாய்த்ததும் உடையும் மெல்லிய கட்டியாக இருந்தாலோ, உறைதலில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பிளட் பேங்குக்கு அப்போதே போன் செய்யலாம். க்ரையோ உருகவும் நேரம் வேண்டும். உருகிய பையைச் சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், திரும்ப ஃபிரிஜ்ஜில் வைக்கக் கூடாது.

நம் நோயாளிக்கு 20 பை கிடைத்தது, இரண்டு தவணையாக. கருப்பை சுருங்க மருந்தும், ரத்தமும், உடம்பைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடும் கூடவே நடந்தன. கடைசிப் பை முடிந்து கொஞ்ச நேரத்தில், டிரிப் இல்லாத கையிலிருந்து இன்னொரு நீல மூடி டியூப் லேபுக்கு வந்தது. குச்சி விட்டுத் துழாவினோம், கட்டி இல்லை. வழக்கமான 1:10 நீர்ப்பில் ஓட்டினோம். 18 நொடி. ஒன்றரை மணிக்கு வந்த டியூபை 1:5-இல் ஓட்டியபோது வந்த அதே 18 நொடி. அப்போது அதைப் பாதியாக்கி 89 என்று எழுதினோம். இம்முறை பாதியாக்கத் தேவையில்லை, 178 என்றே எழுதி, வார்டுக்குப் போன் செய்தோம். 200-க்கு இன்னும் 22 குறைகிறது என்றேன். ரத்தப்போக்கு ரொம்பவே குறைந்துவிட்டது சார், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அனுப்புகிறோம், அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் ஹவுஸ் சர்ஜன்.